வேலையின்மை எந்த வகை? சின்னக் கதையைப் படித்துக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை மூடிவிட்டார்கள். அங்கே எட்டு வருடம் ஓவர்லாக் தைத்த பெண் இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறார். இது எந்த வகை வேலையின்மை?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் பாதிப் பேர் "சுழற்சி வேலையின்மை" என்று எழுதுவார்கள். கம்பெனி மூடினால் பொருளாதாரம் மந்தம் என்பது அவர்கள் கணக்கு. மீதிப் பேர் "அமைப்புசார் வேலையின்மை" என்பார்கள். எட்டு வருட வேலை ஒரேயடியாகப் போய்விட்டதே, அவ்வளவு பெரிய இழப்புக்குப் பெரிய பெயர்தானே வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் இவ்வளவு விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லவே முடியாது. கதையில் வேலை போன விதம் இருக்கிறது. அடுத்த வேலை கிடைக்க என்ன தடை என்பது இல்லை. வகையை முடிவு செய்வது அந்தத் தடைதான். பல வருடம் இந்தப் பாடத்தை நடத்தியதில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, போன விதத்தைப் பார்த்து வகையைத் தீர்மானித்ததால் வந்தவை.

முதலில் பெயர்கள். வேலையும் இருக்கிறது, அதற்குத் தகுந்த ஆளும் இருக்கிறார், இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க நாளாகிறது என்றால் அது உராய்வு வேலையின்மை. சில பாடநூல்களில் இதையே பிறழ்ச்சி வேலையின்மை என்று படித்திருப்பீர்கள். வேலை இருக்கிறது, ஆனால் தேடுகிறவரின் திறமைக்கோ அவர் இருக்கும் ஊருக்கோ அது பொருந்தவில்லை என்றால் அமைப்புசார் வேலையின்மை. பொருள்களை வாங்க ஆளில்லாமல் போய், வேலைகளின் எண்ணிக்கையே ஊர் முழுக்கக் குறைந்துவிட்டால் சுழற்சி வேலையின்மை. இந்த வரையறைகளை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கதையில் பொருத்திப் பார்க்கும்போதுதான் தடுமாற்றம் வருகிறது.

படி 1: இவர் உண்மையிலேயே வேலையில்லாதவரா?

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொருளியல் கணக்கில் வேலையில்லாதவர் என்றால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: கையில் வேலை இல்லை, வேலை கிடைத்தால் போகத் தயார், தேடவும் செய்கிறார். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் இந்த மூன்று வகைக்குள் வரமாட்டார்.

பி.இ. முடித்துவிட்டு வாரத்தில் ஆறு நாள் உணவு டெலிவரி செய்யும் இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை இல்லை என்ற அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அவர் வேலையில் இருக்கிறார். இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் நடப்பு வார நிலை என்று ஓர் அளவுகோல் உண்டு. அதன்படி கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்தான். அவருடைய நிலைக்குக் குறை வேலை என்று வேறு பெயர் இருக்கிறது. அதேபோல, தேடித் தேடி அலுத்துப்போய் ஒரு வருடமாக விண்ணப்பமே போடாமல் வீட்டில் இருப்பவரும் கணக்கில் வரமாட்டார். அவரை உழைப்பாளர் படைக்கு வெளியே வைத்துவிடுவார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஆனால் கேள்வி கேட்பது வகையை, துயரத்தின் அளவை அல்ல.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டுத் திரும்பும் பனியன் தொழிலாளியும் வேலையில்லாதவர் இல்லை. அவர் உட்கார்ந்த மெஷின் அவருக்காகவே காத்திருக்கிறது.

படி 2: காலியிடம் இருக்கிறதா என்று கதைக்குள் தேடுங்கள்

இப்போது அந்த டெய்லர் அக்காவிடம் திரும்புவோம். கதையில் ஒரே ஒரு வரி சேர்க்கிறேன்.

"பக்கத்து வீதியில் மூன்று கம்பெனி கேட்டில் 'ஓவர்லாக் டெய்லர் தேவை' என்று போர்டு தொங்குகிறது. அக்கா ஒவ்வொன்றாகப் போய் ஷிப்ட்டுக்கு எவ்வளவு, வேன் வருமா, பிள்ளையை ஸ்கூலில் விட்டு வர நேரம் இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்."

இது உராய்வு வேலையின்மை. கம்பெனி மூடியது, வேலை போனது, எல்லாம் உண்மை. ஆனாலும் அவர் கையில் இருக்கும் தொழிலுக்கே, அவர் இருக்கும் ஊரிலேயே ஆள் தேவைப்படுகிறது. இடையில் நிற்பது விசாரிக்கும் நாள்கள் மட்டும்தான். அவர் ராஜினாமா செய்தாரா, துரத்தப்பட்டாரா என்பதால் இதில் எதுவும் மாறாது. "தானாக விட்டால் உராய்வு, நிர்வாகம் நிறுத்தினால் சுழற்சி" என்று யாராவது குறுக்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

கூலி ஒத்துவராமல் ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நல்லதைத் தேடுகிறாரா? அதுவும் உராய்வுதான். தேடுவதில் தேர்ந்தெடுப்பதும் அடங்கும்.

இப்போது அந்த வரியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறேன்.

"2008 கடைசி. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வர வேண்டிய ஆர்டர் குறைந்துவிட்டது. எந்தக் கேட்டிலும் போர்டு இல்லை. இருக்கிற கம்பெனிகளும் ஓவர்டைமை நிறுத்திவிட்டன. எம்பிராய்டரி, பிரிண்டிங், அட்டைப்பெட்டி செய்கிறவர், லாரி புக்கிங் ஆபீஸ் எல்லோரும் ஆள் குறைக்கிறார்கள்."

இது சுழற்சி வேலையின்மை. அந்த ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. அதையொட்டி அங்கே மக்கள் செலவைக் குறைத்தார்கள். நியூயார்க்கில் ஒருவர் டி-ஷர்ட் வாங்காமல் விட்டது திருப்பூரில் ஒரு ஷிப்ட் குறைந்ததாக வந்து விழுந்தது. அக்காவின் கைத்திறன் அப்படியே இருக்கிறது. ஓவர்லாக் மெஷினும் பழசாகிவிடவில்லை. தைத்தால் வாங்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் அடையாளம் சொல்கிறேன். அக்காவைச் சுற்றியிருக்கும் தொழில்களைப் பாருங்கள். தேவை விழும்போது வலி பரவலாக இருக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத திறமை உள்ளவர்கள் ஒரே நேரத்தில் வேலை இழப்பார்கள். கம்பெனி வாசலில் இருக்கும் டீக்கடை, மெஸ் வரை அது தெரியும். கதையில் "எல்லாக் கம்பெனியும்", "பல துறைகளில்", "விற்பனை சரிந்ததால்", "ஆர்டர் இல்லாமல்" போன்ற சொற்கள் வந்தால் சுழற்சியைச் சந்தேகிக்கலாம். ஆனால் சந்தேகம் மட்டும்தான். முடிவெடுக்க அடுத்த படி வேண்டும்.

படி 3: காலியிடம் இருந்தால், அது இவருக்குப் பொருந்துமா?

அதே ஊர். ஆனால் ஆளை மாற்றுகிறேன். கட்டிங் மாஸ்டர் ஒருவர். துணியை அடுக்கி, அளவு வரைந்து, கையால் மெஷினைப் பிடித்து வெட்டுவதில் இருபது வருட அனுபவம்.

"கம்பெனி புதிதாக ஒரு மெஷினை இறக்கியிருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்த அளவை வைத்து அதுவே துணியை வெட்டிவிடும். ஆறு கட்டிங் மாஸ்டர்கள் இருந்த இடத்தில் ஒருவர் போதும். ஆர்டர் நிறைய இருக்கிறது. அந்த மெஷினை இயக்கத் தெரிந்தவருக்கு வேலை காத்திருக்கிறது. நம் மாஸ்டருக்கு அது தெரியாது."

இது அமைப்புசார் வேலையின்மை. இங்கே ஆர்டர் நிறைய இருக்கிறது என்ற வரிதான் முக்கியம். பக்கத்தில் டெய்லருக்கு ஆள் தேவை, செக்கிங்குக்கு ஆள் தேவை, ஆனால் ஒரு குறிப்பிட்ட கைத்தொழில் மட்டும் சுருங்குகிறது. நாளைக்கே ஆர்டர் இரண்டு மடங்கானாலும் கம்பெனி இன்னொரு மெஷின் வாங்குமே தவிர, ஆறு மாஸ்டர்களைத் திரும்பக் கூப்பிடாது. அவர் திரும்பி வர வேண்டுமானால் புதிய மெஷினைக் கற்க வேண்டும், அல்லது கையால் வெட்டும் சிறிய யூனிட்டுகள் இருக்கும் இடம் தேடிப் போக வேண்டும். அவரே மாற வேண்டியிருக்கிறது என்பதுதான் அமைப்புசார் வேலையின்மையின் தனி அடையாளம்.

மெஷின் வந்தால்தான் அமைப்புசார் என்பதில்லை. ஊர் பொருந்தாமல் போவதும் இதற்குள்தான் வரும். வேலை ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் இருந்து, வயதான பெற்றோர், வீட்டு வாடகை, மொழி என்று ஏதோ ஒன்று தடுத்து இடம்பெயர முடியாவிட்டால், திறமை இருந்தும் அது அமைப்புசார் வேலையின்மைதான்.

படி 4: "நாளைக்கே தேவை திரும்பினால்?" என்று கேட்டுச் சரிபாருங்கள்

மூன்றாம் படிக்குப் பிறகும் குழப்பமாக இருந்தால், நான் மாணவர்களைக் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: மக்கள் கையில் பணம் புழங்கி, விற்பனை பழைய அளவுக்கு அடுத்த மாதமே வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவருடைய திறமையும் ஊரும் அப்படியே இருக்கட்டும். இவருக்கு வேலை கிடைத்துவிடுமா? கிடைத்துவிடும் என்றால் சுழற்சி. கிடைக்காது என்றால் அமைப்புசார். அதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம், இப்போதே இருக்கிறது என்றால் உராய்வு.

மருந்தை வைத்தும் சரிபார்க்கலாம். வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டிக்கு ரெப்போ வட்டி என்று பெயர். 2008 அக்டோபரில் 9 சதவீதமாக இருந்த அதை 2009 ஏப்ரலுக்குள் 4.75 சதவீதமாகக் குறைத்தது. கடன் மலிவானால் செலவும் முதலீடும் பெருகும், வேலைகள் திரும்பும் என்ற எண்ணத்தில் செய்வது அது. சுழற்சி வேலையின்மைக்கு அந்த மருந்து பொருந்தும். கட்டிங் மாஸ்டருக்கு வட்டியைக் குறைத்து என்ன பயன்? இன்னும் சொல்லப்போனால், மலிவான கடனில் கம்பெனி அடுத்த மெஷினை வாங்கிவிடலாம். அவருக்குப் பயிற்சி வேண்டும். போர்டைத் தேடி அலையும் டெய்லர் அக்காவுக்கோ எங்கே ஆள் தேவை என்ற தகவல் சீக்கிரம் கிடைத்தால் போதும். நீங்கள் எழுதிய வகைக்கு உரிய மருந்து கதையில் வரும் ஆளுக்கு உதவாது என்றால், வகையைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள்.

சாயப்பட்டறைக் கதை: கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது

திருப்பூரின் வரலாற்றிலேயே ஒரு கடினமான கதை இருக்கிறது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே இருந்த விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியே விடாமல் முழுமையாகச் சுத்திகரிக்கும் நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடின. அங்கே வேலை பார்த்தவர்களின் நிலையை எந்த வகையில் சேர்ப்பது?

முதல் பார்வையில் சுழற்சி போலத் தெரியும். ஊரே பாதிக்கப்பட்டது, துணிக்குச் சாயம் ஏற்ற வழியில்லாமல் தையல் கம்பெனிகளும் திண்டாடின. வலி பரவலாக இருந்தது என்ற அடையாளம் இங்கே பொருந்துகிறது. ஆனால் நான்காம் படிக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வாங்குகிறவர் குறைந்ததால் பட்டறைகள் மூடவில்லை. எவ்வளவு ஆர்டர் வந்தாலும் சுத்திகரிப்பு வசதி இல்லாமல் அவை திறக்க முடியாது. ஆக, தேவையின் பக்கத்தில் தடை இல்லை. ஒரு தொழில் எப்படி நடக்கலாம் என்ற விதியே மாறியிருக்கிறது, பழைய முறையில் நடந்த வேலைகள் நின்றுவிட்டன. மூன்றுக்குள் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்றால் நான் அமைப்புசார் என்றுதான் எழுதுவேன்.

முழு மனதோடு எழுத முடியுமா என்றால், இல்லை. சுத்திகரிப்பு வசதியைச் சரிசெய்து பட்டறை திறந்ததும் அதே சாயத் தொழிலாளி அதே வேலைக்குப் போகலாம். அவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வழக்கமான அமைப்புசார் கதையோடு இது ஒட்டவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வகைப் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகராமல், "தேவை குறைந்ததால் வந்ததல்ல, உற்பத்திக்கான விதி மாறியதால் வந்தது" என்று காரணத்தையும் எழுதுங்கள். பரவலாக இருக்கிறதா என்ற அடையாளம் தேவை விழுந்ததா என்று விசாரிக்கத்தான் உதவும். அதையே விடையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்தக் கதை நல்ல சாட்சி.

காலம் போனால் வகை மாறும்

வேலையின்மை ஓரிடத்தில் நிற்பதில்லை. 2008 கதையில் வந்த டெய்லர் அக்கா வேலையில்லாமல் சொந்த ஊருக்குத் திரும்பினார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து ஆர்டர் வந்துவிட்டது, போர்டுகள் மறுபடி தொங்குகின்றன. ஆனால் அதற்குள் அவருக்குக் கைவேகம் குறைந்துவிட்டது. கம்பெனிகள் புது மெஷினுக்கு மாறிவிட்டன. குழந்தை பள்ளியில் சேர்ந்துவிட்டதால் ஊரைவிட்டுக் கிளம்பவும் முடியவில்லை. சுழற்சியாகத் தொடங்கியது இப்போது அமைப்புசார் ஆகிவிட்டது. கதையில் "மூன்று வருடமாக" போன்ற காலக் குறிப்பு வந்தால், வேலை போன நாளின் நிலைமையை வைத்து எழுதாமல் இன்றைய தடையை வைத்து எழுதுங்கள்.

காலம் பற்றி இன்னொரு தவறும் உண்டு. "தற்காலிகம் என்றால் உராய்வு" என்று நினைப்பது. சுழற்சி வேலையின்மையும் தற்காலிகம்தான், மந்தம் நீங்கினால் போய்விடும். கால அளவு ஒரு துணைச் சாட்சி, அவ்வளவே.

மூன்றிலும் சேராதவை

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் அந்த நாள்களில் வேறு வேலை தேடுகிறார். இதைச் சுழற்சி என்று எழுதுகிறவர்கள் ஏராளம். வருடாவருடம் சுற்றிச் சுற்றி வருகிறதே என்று "சுழற்சி" என்ற சொல்லே அவர்களை ஏமாற்றிவிடுகிறது. பொருளியலில் சுழற்சி என்பது வணிகச் சுழற்சி, அதாவது பொருளாதாரம் ஏறி இறங்குவது. அதற்கு நாள்காட்டி கிடையாது. எந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தால் அது பருவகால வேலையின்மை. வடகிழக்குப் பருவமழையில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு வேலை நிற்பதும் அப்படித்தான்.

சில கதைகள், சேர்ந்து பார்ப்போம்

ஈயத்தில் வார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த அச்சுக்கோப்பாளர். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் முறை வந்தபின் அச்சகம் அவரை நிறுத்திவிட்டது. அமைப்புசார் என்பது எளிதாகவே தெரிகிறது. கதையை ஒரு வரி நீட்டுங்கள்: அவர் ஆறு மாதத்தில் டி.டி.பி. கற்றுவிட்டார், இரண்டு அச்சகத்தில் பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். இப்போது அவர் உராய்வு வேலையின்மையில் இருக்கிறார். பொருத்தமில்லாமை தீர்ந்துவிட்டது, தேடல் மட்டும் மிச்சம்.

கணவருக்குக் கொச்சிக்கு மாற்றல் வந்ததால், மதுரையில் வேலையை விட்ட செவிலியர். கொச்சியில் நான்கு மருத்துவமனைகளில் நேர்காணல் போகிறார். உராய்வு.

கல்லூரியை முடித்த மாணவர், முதல் வேலை தேடுகிறார். "முதல் வேலை என்றால் உராய்வு" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். அழைப்புக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தால் உராய்வு. மந்தத்தால் எல்லா நிறுவனங்களும் அந்த ஆண்டு ஆள் எடுப்பதையே நிறுத்தியிருந்தால் சுழற்சி. மற்ற பிரிவு நண்பர்களுக்கெல்லாம் வேலை கிடைத்து, இவர் படித்த பிரிவுக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அமைப்புசார்.

எண்ணிக்கை கொடுத்தால்

சில கேள்விகளில் ஆளுக்குப் பதில் ஊரைக் கொடுப்பார்கள். கற்பனையாக ஒன்று: ஓர் ஊரில் 100 பேர் வேலை தேடுகிறார்கள், 70 காலியிடங்கள் இருக்கின்றன, அதில் 45 இடங்களுக்கு மட்டுமே தேடுகிறவர்களிடம் பொருத்தமான திறமை இருக்கிறது.

முதலில் ஆளையும் இடத்தையும் கழியுங்கள். 100 பேருக்கு 70 இடம்தான். எல்லோரும் எல்லா வேலையும் செய்யத் தெரிந்தவர்களாக இருந்தாலும் 30 பேருக்கு இடமே இல்லை. தேவைக் குறைவால் வந்த அந்த 30 சுழற்சி. இருக்கிற 70 இடங்களில் 25-க்கு ஏற்ற ஆள் ஊரில் இல்லை, அந்த 25 அமைப்புசார். மிச்சமுள்ள 45 பேரும் 45 இடங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும், இன்னும் சந்திக்கவில்லை. அது உராய்வு.

அந்த 30 சுழியமானால் பொருளியல் அதை முழு வேலைவாய்ப்பு நிலை என்கிறது. அப்போதும் 70 பேர் வேலையில்லாமல்தான் இருப்பார்கள் என்பது மாணவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். இந்த அளவு உண்மையான ஓர் ஊருக்கு மிக அதிகம், கணக்குக்காக எடுத்த எண்கள் இவை. ஆனால் உராய்வும் அமைப்புசாரும் சேர்ந்த பகுதியைத்தான் இயல்பான வேலையின்மை என்று அழைக்கிறார்கள், அது ஒருபோதும் சுழியமாவதில்லை. இந்தக் கணக்கில் யார் அந்த 30 பேர் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இது ஊரைப் பற்றிய கணக்கு, ஒருவர் முகத்தில் ஒட்டும் சீட்டு இல்லை.

விடையை எழுதும் விதம்

வகைப் பெயரை எழுதி நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான் மிஞ்சும். தடையை ஒரு வாக்கியத்திலும், அதைக் காட்டும் சொல்லைக் கதையிலிருந்து எடுத்து இன்னொரு வாக்கியத்திலும் எழுதுங்கள். கட்டிங் மாஸ்டருக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இது அமைப்புசார் வேலையின்மை. அவருடைய திறமைக்கும் இப்போது கிடைக்கும் வேலைக்கும் பொருத்தம் இல்லை. 'ஆர்டர் நிறைய இருக்கிறது' என்பதால் தேவைக் குறைவு காரணமல்ல, 'மெஷினை இயக்கத் தெரியாது' என்பதால் தேடலை நீட்டித்தாலும் தீராது." கடைசி வாக்கியம் மற்ற இரண்டு வகைகளையும் ஏன் விலக்கினோம் என்று காட்டிவிடுகிறது.

முதலில் கேட்ட அந்தக் கேள்வி, கூடுதல் வரி எதுவும் இல்லாமல் அப்படியே தேர்வில் வந்தால்? "அவருடைய தொழிலுக்கு ஊரில் வேறு கம்பெனிகளில் இடம் இருந்தால் உராய்வு; ஆர்டர் இல்லாமல் எங்குமே இடம் இல்லை என்றால் சுழற்சி; அந்தத் தொழிலே ஊரைவிட்டுப் போய்விட்டது என்றால் அமைப்புசார்" என்று மூன்று நிபந்தனைகளையும் எழுதிவிடுங்கள்.